பொதிப் பிரிவு கேட்ட இரண்டாவது இயந்திரமும் மூன்று ஆட்களும்: கணக்குப் பிரிவின் பதில்

பிறை, நவம்பர் 2025

பொதிப் பிரிவு அக்காவுக்கும், கோரிக்கையில் கையெழுத்துப் போட்ட மற்றப் பத்துப் பேருக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மசாலைத்தூள் பாக்கெட் போடும் தானியங்கி இயந்திரம் இன்னொன்றும், நிரந்தர ஆட்கள் மூன்று பேரும் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இயந்திரத்தின் விலை 165,000 ரிங்கிட். இந்த இரண்டையும் 2026-க்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீண்ட கடிதத்தின் கடைசி வரியில் போய் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முதலிலேயே சொல்கிறேன். கேட்டதற்குப் பதிலாக எவற்றைக் கொடுக்க முடியும், அவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறேன் என்பதும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

போன ஆண்டு நீங்கள் கேட்டபோது "நிதி இல்லை" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். அது சரியில்லை. ஏன் இல்லை என்று தெரியாததால்தான் இந்த ஆண்டும் அதே கோரிக்கையை எழுதியிருக்கிறீர்கள். பதினொரு பேர் சேர்ந்து கேட்டதற்குப் பதில் பதினொரு பேருக்கும் போக வேண்டும் என்பதால் இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். இதில் விற்பனைப் பிரிவும் அரவைப் பிரிவும் வாங்கல் பிரிவும் சம்பந்தப்பட்டிருப்பதால் அவர்களும் படிக்கட்டும்.

உங்கள் கோரிக்கையில் எழுதியிருந்தவை உண்மை. தீபாவளிக்கு முன் 14,000 பாக்கெட் ஆர்டரை நம்மால் நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன் 9,000. அக்டோபர் மாதம் உங்களில் ஒருவர் 96 மணி நேரம் ஓவர்டைம் செய்திருக்கிறார். சட்டம் மாதத்துக்கு 104 மணி வரைதான் விடுகிறது, அதன் விளிம்புக்கே போயிருக்கிறோம். சம்பளச் சீட்டில் அந்த எண்ணைப் பார்த்தபோதே நான் கீழே வந்து விசாரித்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் முதலில் எடுத்தது இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பதிவேட்டைத்தான். செப்டம்பர் மாத ஏடுகளை நாள் நாளாகக் கூட்டினேன். ஒரு ஷிப்டு 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். அதில் இயந்திரம் உண்மையில் பாக்கெட் போட்டது சராசரியாக 265 நிமிடம். தூள் வகை மாற்றும்போது துடைத்துச் சுத்தம் செய்ய 105 நிமிடம் போயிருக்கிறது. அரவையிலிருந்து தூள் வரக் காத்திருந்தது 65 நிமிடம். பை ரோல் மாற்றியது, வாய் ஒட்டாமல் நின்றது எல்லாம் சேர்ந்து 45 நிமிடம். ஆக, ஒரு நாளில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும்தான் அது ஓடுகிறது.

இதில் உங்கள் குறை எதையும் நான் காணவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணம் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால் இந்தக் கணக்கே போட்டிருக்க முடியாது. ஆனால் அதே ஏடு இன்னொன்றையும் சொல்கிறது. நிமிடத்துக்கு 40 பாக்கெட் போடும் இயந்திரத்தை ஒரு நாளில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடவிட்டால் 2,400 பாக்கெட் கிடைக்கும். தீபாவளிக்குக் கொடுக்க முடியாமல் போன 14,000 பாக்கெட் ஆறே நாளில் தீர்ந்திருக்கும். இரண்டாவது இயந்திரம் வாங்கினாலும் அதுவும் இதே தூளுக்குத்தான் காத்திருக்கும், அதையும் இதேபோல நாளுக்கு ஐந்து முறை துடைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பணம். சப்ளையர் கொடுத்த விலைப்பட்டியலின்படி 16,500 ரிங்கிட் முன்பணம், அதன்பின் மாதம் 2,970 வீதம் 60 மாதம். ஓராண்டுத் தவணை மட்டும் 35,640. ஆட்களுக்கு நீங்கள் 1,900 ரிங்கிட் சம்பளம் என்று போட்டிருந்தீர்கள். அதன் மேல் நிறுவனம் கட்டும் இ.பி.எப். 13 விழுக்காடு, சொக்சோ, வேலைக் காப்புறுதி, பயிற்சி லெவி எல்லாம் சேர்த்தால் ஓர் ஆளுக்கு மாதம் சுமார் 2,200 ஆகிறது. மூன்று பேருக்கு ஆண்டுக்கு 79,200. தவணையையும் சேர்த்தால் 114,840 ரிங்கிட்.

இதற்கு எதிரே என்ன வரும்? பொருள் விலை, பை, லோரிச் செலவு எல்லாம் கழித்தால் நமக்கு ஒரு பாக்கெட்டில் மிஞ்சுவது 90 சென். இரண்டு பெருநாளிலும் விட்டுப்போன 23,000 பாக்கெட்டையும் விற்றிருந்தால் கிடைத்திருப்பது 20,700 ரிங்கிட். கடைக்காரர்களின் நம்பிக்கை இந்தக் கணக்கில் அடங்காது என்பது எனக்குத் தெரியும். சரக்கு இல்லை என்று இரண்டு தடவை சொன்னால் மூன்றாம் தடவை வேறு மார்க்காவை அடுக்கில் வைத்துவிடுவார்கள். அதற்காக அந்தத் தொகையை இரண்டு மடங்காக்கிப் பார்த்தேன், மூன்று மடங்காகவும் ஆக்கிப் பார்த்தேன். அப்போதும் 114,840-க்கு எட்டவில்லை.

கோரிக்கையில் ஒரு வரி இருந்தது: தானியங்கி இயந்திரத்துக்கு அரசாங்கம் முழு வரிக்கழிவு தருகிறது, ஆகவே பணம் திரும்பி வந்துவிடும் என்று. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். வரிக்கழிவு என்றால் இயந்திரத்தின் விலையை வரி போடும் இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுவது. அந்த விலையையே அரசாங்கம் கையில் தருவதில்லை. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு முதல் 150,000 ரிங்கிட் இலாபத்துக்கு 15 விழுக்காடு வரி, அதன் மேல் 600,000 வரைக்கும் 17 விழுக்காடு. நம் இலாபம் அந்த இரண்டாம் படியில் நிற்கிறது. 165,000 முழுவதும் 17 விழுக்காட்டில் கழிந்தாலும் மிச்சமாவது 28,050 ரிங்கிட்தான். அதுவும் வரி கணக்குக் காட்டும்போது குறையுமே தவிர, இயந்திரம் வாங்கும் அன்று கைக்கு வராது.

வாங்கும் அன்று கையில் பணம் இருக்காது என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய கவலை. 2026-இல் நோன்புப் பெருநாள் மார்ச் 20-ஐ ஒட்டி வருகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால், அதற்கான பொதி வேலை இப்போது ஜனவரியிலும் பிப்ரவரியிலும் விழுகிறது. குண்டூரில் புது மிளகாய் சந்தைக்கு வரத் தொடங்கும் காலமும் அதுதான். அந்த மாதங்களில் வாங்கினால்தான் நிறமும் காரமும் உள்ள காய் கிடைக்கும், அதற்கு டாலரில் உடனே பணம் கட்ட வேண்டும். நாம் சரக்குக் கொடுக்கும் பேரங்காடிகளோ 60 நாள் கழித்துத்தான் பணம் கட்டுகின்றன. பெருநாள் விற்பனைப் பணம் நம் வங்கிக்கு வரும்போது ஏப்ரல், மே ஆகிவிடும். ஆண்டிலேயே கை மிகவும் இறுகியிருக்கும் நேரத்தில் முன்பணம் கட்டினால், மிளகாய் கொள்முதலைத்தான் குறைக்க வேண்டியிருக்கும். மிளகாயைக் குறைத்துவிட்டு எத்தனை இயந்திரம் வைத்து என்ன செய்வது?

அதோடு, இன்றைக்கே ஆர்டர் கொடுத்தாலும் இயந்திரம் வர 12 வாரம் என்று விலைப்பட்டியலில் எழுதியிருக்கிறது. வந்து, பொருத்தி, ஓட்டிப் பார்த்து முடிக்கும்போது பெருநாள் ஆர்டர் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த நெருக்கடி 2026 நவம்பர் 8-இல் வரும் தீபாவளிக்குத்தான். அதுவரை தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் அந்த 105 நிமிடம்.

பதிவேட்டில் ஒரு நாளுக்குச் சராசரி ஐந்து மாற்றம், ஒவ்வொன்றுக்கும் 21 நிமிடம். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் எட்டு மாற்றம் நடந்த நாளும் இருக்கிறது. ஏன் இத்தனை என்று அக்காவிடம் கேட்டேன். "காலையில் மஞ்சள் ஓட்டிக்கொண்டு இருப்போம், விற்பனையிலிருந்து போன் வரும், ஈப்போ லோரி கிளம்புகிறது, உடனே 50 பெட்டி மீன் கறித்தூள் வேண்டும் என்பார்கள்" என்றார். அந்த 50 பெட்டிக்காக நிறுத்தி, துடைத்து, ஓட்டி, மறுபடியும் துடைத்து மஞ்சளுக்குத் திரும்பினால் 42 நிமிடம் போய்விடுகிறது. அந்த நேரத்தில் 1,680 பாக்கெட் போட்டிருக்கலாம்.

ஆகவே டிசம்பர் 1 முதல், மறுநாள் பொதிக்கான ஆர்டரை விற்பனைப் பிரிவு பகல் 12 மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் அவசரம் ஒரு நாளுக்கு ஒன்று மட்டும், அதுவும் விற்பனைத் தலைவர் கையெழுத்துடன். நிர்வாக இயக்குநர் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். போனில் யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஓட்டும் வரிசையை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. மூத்தவர் ஒருவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது: மல்லியில் தொடங்கி, அடுத்து மஞ்சள், பிறகு கறித்தூள் வகைகள், கடைசியில் மிளகாய். மல்லியிலும் மஞ்சளிலும் மீதமாகும் துகள் கறித்தூளில் சேர்ந்தால் கெடுதல் இல்லை, கறித்தூளே அவற்றால் ஆனதுதான். மிளகாய் ஓடிய பிறகு மல்லி ஓட்டுவதுதான் தொல்லை, நாலு சிவப்புத் துகள் போனாலும் கண்ணில் படும். மிளகாயைக் கடைசியில் வைத்தால் முழுச் சுத்தத்தை மாலையில் ஒரே தடவை செய்தால் போதும்.

இதற்குத் துணையாக இன்னொரு செட் ஹாப்பரும் ஆகர் திருகும் பை உருவாக்கும் காலரும் வாங்க 9,500 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நேரத்தைத் தின்பது எது என்று பார்த்தால் இதுதான் விடை. மாவுத்தூள் இடுக்கில் தண்ணீர் பட்டால் கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும் என்பதால் நாம் தூசி உறிஞ்சியாலும் தூரிகையாலும் உலர்வாகவே சுத்தம் செய்கிறோம், அதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும். இரண்டாவது செட் இருந்தால் இயந்திரம் ஓடும்போதே பழைய செட்டைப் பக்கத்து மேசையில் வைத்து நிதானமாகத் துடைக்கலாம். நிறுத்தியபின் செய்ய வேண்டியது கழற்றுவதும் மாட்டுவதும், வாய் ஒட்டும் பகுதியைத் துடைப்பதும் மட்டும். சப்ளையரின் தொழில்நுட்பர் ஒரு மாற்றத்துக்கு 15 நிமிடம் போதும் என்கிறார். ஒரு நாளுக்கு மூன்று மாற்றம், 15 நிமிடம் வீதம் என்றால் 105 நிமிடம் 45 ஆகிறது. மேலே சொன்ன அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் இங்கேயே கிடைக்கிறது.

தூளுக்குக் காத்திருக்கும் 65 நிமிடம் பெரும்பாலும் காலையில்தான் போகிறது. அரைத்த தூள் சூடாக இருக்கும், ஆறாமல் பையில் அடைத்தால் உள்ளே ஈரம் கோத்துக் கட்டியாகும். அதனால் அன்றைக்கு அரைத்தது ஆறும்வரை நீங்கள் காத்திருக்கிறீர்கள். இனி அரவைப் பிரிவு இன்றைக்குக் காலையில் அரைப்பது நாளைக்கு உங்களுக்கு. பிற்பகல் 2 மணிக்குள் அரவையை முடிக்கச் சொல்லியிருக்கிறேன். நாம் இருக்கும் மின்கட்டணத் திட்டத்தில் வேலை நாட்களில் 2 மணியிலிருந்து இரவு 10 வரை விலை கூடுதல் என்பதால் அதிலும் கொஞ்சம் மிச்சமாகும். ஒரு நாள் தூளை மூடி வைக்க அரவைக் கூடத்தில் இடம் இருக்கிறது, நேரில் பார்த்துவிட்டேன்.

வாய் ஒட்டாமல் நிற்பதற்கு எங்கள் முடிவும் ஒரு காரணம். மே மாதம் விலை குறைவான பை ரோலுக்கு மாறினோம். அதற்கு முன் ரோலுக்கும் வாய்க்கும் போன நேரம் 20 நிமிடம், இப்போது 45. பாக்கெட்டுக்கு 0.4 சென் மிச்சம் பிடித்து நாளுக்கு 25 நிமிடத்தை இழந்திருக்கிறோம். இரண்டு பெருநாள் மாதங்களுக்கும் பழைய ரோலையே வாங்க 4,000 ரிங்கிட் ஒதுக்கியாகிவிட்டது. ரோல் மாறியதும் ஒவ்வொரு மணிக்கும் நாலு பாக்கெட்டை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் பழி ரோலின் மேல் மட்டும் இல்லை, ஒட்டும் சூட்டையும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதற்காக உங்களில் இருவருக்கு இயந்திரப் பராமரிப்புப் பயிற்சி தர, நாம் மாதாமாதம் எச்.ஆர்.டி. கோர்ப்புக்குக் கட்டும் 1 விழுக்காடு லெவியிலிருந்து விண்ணப்பிக்கிறேன். யார் போவது என்று அக்கா முடிவு செய்து பெயரைக் கொடுக்கட்டும்.

இனி ஆட்கள். மூன்று நிரந்தர ஆட்களுக்குப் பதிலாக இரண்டு பெருநாளுக்கும் முன்னால் இரண்டிரண்டு மாதம் இரண்டு ஒப்பந்த ஆட்கள் தருகிறேன். இ.பி.எப். எல்லாம் சேர்த்து 17,600 ரிங்கிட். மிச்ச எட்டு மாதத்தில் கூடுதல் ஆளுக்கு வேலை இருக்காது. அவர்களை எடுத்துவிட்டுப் பிறகு ஜூன் மாதம் அனுப்பும் நிலைமைக்கு யாரையும் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இரண்டு பெருநாளுக்கும் சேர்த்து உங்களில் ஏழு பேர் செய்த ஓவர்டைம் சுமார் 1,540 மணி. 1,900 ரிங்கிட் சம்பளக்காரருக்கு 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்து, ஒன்றரை மடங்காக்கினால் மணிக்கு 13.70 வருகிறது. மொத்தம் ஏறக்குறைய 21,100 ரிங்கிட். ஒப்பந்த ஆட்கள் வந்தால் இந்த ஓவர்டைம் முழுவதையும் நிறுத்திவிடலாம், செலவும் குறையும் என்று தாளில் கணக்கு அழகாக வருகிறது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் தீபாவளித் துணிமணியையும் அந்த ஓவர்டைம் பணத்தில்தான் பார்க்கிறோம் என்று உங்களில் சிலர் என்னிடம் சொன்னீர்கள். அதனால் அதை நிறுத்தவில்லை. விரும்பியவர்களுக்கு மாதம் 30 மணி வரை ஓவர்டைம் தொடரும், அதற்கு மேல் யாரையும் கேட்கக் கூடாது. இதனால் கூடும் செலவைத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

இவை எல்லாம் தவறிப்போகவும் கூடும். விற்பனைப் பிரிவு பழைய வழக்கத்துக்குத் திரும்பலாம், 15 நிமிடம் என்று தொழில்நுட்பர் சொன்னது நடைமுறையில் வராமல் போகலாம். அதனால் மறுபரிசீலனைக்கு அளவுகோலை இப்போதே எழுதிவைக்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை பதிவேட்டை இப்போது எழுதுவது போலவே எழுதுங்கள். இயந்திரம் நாளுக்குச் சராசரி 360 நிமிடம் ஓடியும் ஆர்டர் மிஞ்சினால், நம்மிடம் இருக்கும் இயந்திரம் உண்மையிலேயே போதவில்லை என்று பொருள். அப்போது இரண்டாவது இயந்திரத்துக்கான கோரிக்கையை நானே எழுதி மே மாத இயக்குநர் கூட்டத்தில் வைப்பேன். பெருநாள் பணம் அதற்குள் வந்திருக்கும், மே மாதம் ஆர்டர் கொடுத்தால் தீபாவளிக்கு முன் இயந்திரமும் வந்து சேரும். 360-ஐ எட்டாவிட்டால், எந்த நிமிடம் எங்கே போகிறது என்று மறுபடியும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

வரும் திங்கட்கிழமை காலைத் தேநீருக்குப் பிறகு கீழே பொதிக் கூடத்துக்கு வருகிறேன். நான் போட்ட கணக்குத் தாளும் செப்டம்பர் ஏடுகளும் கையில் இருக்கும். 21 நிமிடம், 90 சென், 65 நிமிடம், எந்த எண் தவறு என்று பட்டாலும் அங்கேயே காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஹாப்பர் செட்டுக்கு ஆர்டர் கொடுக்க இந்த வெள்ளிக்கிழமைக்குள் அக்காவின் கையெழுத்து வேண்டும். 25 கிராம், 250 கிராம் இரண்டில் எந்த அளவுக் காலரை வாங்குவது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
கணக்குப் பிரிவு